கிரெடிட் கார்டு லிமிட்டை உயர்த்தக் கேட்டு எழுதுவது எப்படி: சம்பளம் கூடியவர்களுக்கு ஒரு மாதிரிக் கடிதமும் விளக்கமும்

கார்டுக்கு விண்ணப்பித்த நாளில் நீங்கள் எழுதிக் கொடுத்த சம்பளம்தான், பெரும்பாலும் இன்றும் அந்த நிறுவனத்தின் பதிவில் இருக்கும். இடையில் வேலை மாறியிருக்கலாம், பதவி உயர்வு வந்திருக்கலாம். நீங்கள் சொல்லாதவரை அவர்களுக்கு அது தெரிய வழி குறைவு. அதனால் லிமிட்டை உயர்த்தக் கேட்கும் கடிதத்தை ஒரு வேண்டுகோளாக நினைத்து எழுதுவதைவிட, பழைய வருமான எண்ணைத் திருத்தச் சொல்லும் கடிதமாக நினைத்து எழுதுவது நல்லது. புதிய எண், அதற்கான சான்று, அந்த எண்ணுக்கு ஏற்ற லிமிட் என மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தி நின்றால், படிப்பவருக்கு யோசிக்க அதிகம் இருக்காது.

இந்தக் கட்டுரை மாதச் சம்பளக்காரர்களுக்கானது. கார்டு வாங்கி ஒரு வருடமாவது ஆகி, சம்பளம் கூடி, இதுவரை லிமிட் உயர்வு கேட்டே பார்க்காதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு நடுவில் ஒரு பத்தி இருக்கிறது.

எழுதும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் உங்கள் ஆப்பையோ இணையதளக் கணக்கையோ திறந்து, லிமிட் உயர்வுக்கென்று ஒரு பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஏற்கெனவே ஒரு தொகை தயாராகக் காட்டப்பட்டு, அது உங்களுக்குப் போதுமானதாகவும் இருந்தால், ஏற்றுக்கொண்டு முடித்துவிடலாம். கடிதமே தேவையில்லை. எதுவும் காட்டவில்லை, அல்லது காட்டும் தொகை மிகக் குறைவு என்றால்தான் வருமானச் சான்றோடு எழுத வேண்டிய வேலை வருகிறது.

அடுத்தது உங்கள் கணக்கு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது. கடந்த ஆறு மாதத்தில் ஒரு பில்லைத் தாமதமாகக் கட்டியிருந்தால், கொஞ்ச காலம் ஒழுங்காகக் கட்டிவிட்டு அப்புறம் கேளுங்கள். சம்பளம் எவ்வளவு கூடியிருந்தாலும், உங்கள் கடிதத்தைத் திறப்பவருக்கு முதலில் தெரிவது கட்டிய வரலாறுதான். மினிமம் டியூவை மட்டும் கட்டிக்கொண்டு வருபவர்களுக்கும் இதே யோசனைதான். விதிப்படி அது தாமதம் ஆகாது. ஆனால் மாதா மாதம் பாக்கி வளர்ந்துகொண்டே போகும் ஒரு கணக்குக்கு இன்னும் லிமிட் கொடுக்க எந்த நிறுவனமும் தயங்கும்.

லிமிட்டில் எத்தனை பங்கைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதும் முக்கியம். பொதுவாக நிறுவனங்கள், எல்லோருடைய கடன் பதிவுகளையும் திரட்டி வைக்கும் கிரெடிட் பீரோவுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் தகவல் அனுப்புகின்றன. பல இடங்களில் அதில் போவது ஸ்டேட்மென்ட் தேதியன்று இருக்கும் பாக்கி. கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டிவிடுகிறவர்களுக்கும் ஸ்டேட்மென்ட் தேதியில் பாக்கி அதிகமாக இருந்தால், பதிவில் அது அதிகப் பயன்பாடாகவே தெரியும். எனவே கடிதம் அனுப்பப் போகும் மாதத்துக்கு முந்தைய மாதத்தில், ஸ்டேட்மென்ட் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடுங்கள். செலவு அதேதான், பதிவாகும் எண் மட்டும் குறையும்.

இன்னொரு விஷயத்தைக் கேட்காமல் விட்டுவிட வேண்டாம். லிமிட் உயர்வுக்காக அவர்கள் உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டைப் பார்க்கும்போது அது ஹார்டு என்கொயரியாகப் பதிவாகுமா, சாஃப்ட் என்கொயரியாகவா என்பது. சாஃப்ட் என்றால் ஸ்கோருக்கு ஒன்றும் ஆகாது. ஹார்டு என்றால் ஸ்கோர் சற்றுக் குறையலாம், அந்தப் பதிவை மற்ற கடன் நிறுவனங்களும் பார்க்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறுகிறது. வாடிக்கையாளர் சேவையிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் கிடைத்துவிடும். அடுத்த சில மாதங்களில் வீட்டுக் கடனுக்கோ வேறு பெரிய கடனுக்கோ விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், அது முடிந்த பிறகு கார்டு லிமிட்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

எவ்வளவு கேட்பது

பலரும் தடுமாறும் இடம் இதுதான். சிலர் தொகையே சொல்லாமல் "இயன்ற அளவு உயர்த்தித் தரவும்" என்று எழுதுகிறார்கள். வேறு சிலர் எப்படியும் பாதிதான் தருவார்கள் என்று கணக்குப் போட்டு இரண்டு மடங்கு கேட்கிறார்கள். முதல் வகையினருக்கு, சிஸ்டம் தருகிற மிகச் சிறிய உயர்வு கிடைக்க வாய்ப்பு அதிகம். இரண்டாம் வகையினரின் தொகைக்கும் இணைத்த சான்றுக்கும் பொருத்தம் இல்லாததால் மொத்தமாக மறுப்பு வரலாம். குறைத்துக் கொடுப்பார்களா, மறுத்தே விடுவார்களா என்பது முன்கூட்டித் தெரியாத விஷயம்.

நான் பரிந்துரைக்கும் வழி எளிது. உங்களுக்கு முதலில் கார்டு கொடுத்தபோது அந்த நிறுவனமே உங்கள் வருமானத்துக்கு ஒரு விகிதத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதே விகிதத்தைப் புதிய வருமானத்துக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கட்டுரை முழுக்க இதே எண்களையே பயன்படுத்துகிறேன், நாணயம் எதுவாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

ஒருவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் கார்டு வாங்குகிறார். அப்போது கைக்கு வந்த மாதச் சம்பளம் 30,000, கிடைத்த லிமிட் 45,000. அதாவது மாத வருமானத்தில் ஒன்றரை மடங்கு. இப்போது அவருடைய மொத்தச் சம்பளம் 62,000. பிடித்தங்கள் 9,600 போக, வங்கிக் கணக்கில் வந்து விழுவது 52,400. இந்தச் சம்பளம் தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. வண்டிக் கடனுக்கு மாதம் 6,500 கட்டுகிறார். கார்டு பில் கடைசி மூன்று மாதமும் 26,800, 29,500, 27,900 என்று வந்திருக்கிறது, மூன்றையும் கெடுவுக்குள் முழுதாகக் கட்டியிருக்கிறார்.

52,400-க்கு ஒன்றரை மடங்கு 78,600. இதைச் சுற்றி 80,000 என்று கேட்கலாம். இப்போது மாதம் சராசரியாக 28,000 செலவழிப்பதால் 45,000 லிமிட்டில் ஏறக்குறைய 62 சதவீதம் பயன்படுகிறது. லிமிட் 80,000 ஆனால் அதே செலவு 35 சதவீதம்தான். பயன்பாட்டை 30 சதவீதத்துக்குள் வைத்திருக்கச் சொல்வது பரவலான அறிவுரை. அதை ஒரு கோடு மாதிரி பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை, ஆனால் 62-இலிருந்து 35-க்கு வருவது எந்தக் கணக்கிலும் முன்னேற்றம்தான். தொகையைச் சொல்ல இப்போது அவர் கையில் இரண்டு காரணங்கள் இருக்கின்றன, இரண்டுமே நிறுவனத்தின் பதிவிலேயே சரிபார்க்கக் கூடியவை.

இந்த விகிதம் விதி எதுவும் இல்லை. நிறுவனத்தின் கொள்கை இடையில் இறுகியிருக்கலாம், உங்களுடைய மற்ற கடன்கள் கூடியிருக்கலாம். ஆனால் எங்கிருந்தோ எடுத்த ஓர் எண்ணைவிட இது நிற்கும்.

வருமானச் சான்று: எண்கள் ஒன்றையொன்று ஒப்புக்கொள்ள வேண்டும்

எந்தெந்த ஆவணம் ஏற்கப்படும் என்று உங்கள் நிறுவனம் ஒரு பட்டியல் வைத்திருக்கும். அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கேட்பது கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, அதே மூன்று மாதத்துக்கான வங்கி ஸ்டேட்மென்ட், சில இடங்களில் கடைசி வருமான வரிக் கணக்கின் நகல். இவற்றைத் திரட்டுவது கஷ்டமான வேலை இல்லை. திரட்டியதை அனுப்பும் முன் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைத்தான் பலர் செய்வதில்லை.

ஆவணங்களைச் சரிபார்ப்பவர் சம்பளச் சீட்டின் அடியில் இருக்கும் நிகரத் தொகையை எடுத்துக்கொண்டு, அதே தொகை வங்கி ஸ்டேட்மென்ட்டில் அந்த மாதத்தில் வரவாகியிருக்கிறதா என்று தேடுவார். பிறகு அனுப்பிய நிறுவனத்தின் பெயர் சம்பளச் சீட்டில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். கடைசியாகக் கடிதத்தில் நீங்கள் எழுதிய எண்ணைப் பார்ப்பார். மூன்றும் ஒன்றானால் அடுத்த கட்டத்துக்குப் போகும். ஒத்துப்போகவில்லை என்றால் உங்களைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், அல்லது "வருமானத்தைச் சரிபார்க்க இயலவில்லை" என்று மூடிவிடுவார்கள்.

அதனால் மொத்தச் சம்பளத்தை மட்டும் எழுதாதீர்கள். நம் உதாரணக்காரர் "என் சம்பளம் 62,000" என்று எழுதிவிட்டு, வங்கியில் 52,400 வரவாகும் ஸ்டேட்மென்ட்டை இணைத்தால், அதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் படிப்பவருக்கு ஒரு கேள்வி எழும். இரண்டையும் எழுதிவிட்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

மூன்று மாதத் தொகையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதில்லை. மாறியதற்குக் காரணம் தெரிந்தால் போதும். இவருக்கு நடு மாதத்தில் 8,000 ஊக்கத்தொகை வந்திருக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 70,000, பிடித்தம் 11,100, கைக்கு வந்தது 58,900. இந்த மாதத்தை வைத்துச் சராசரியை உயர்த்திக் காட்டத் தோன்றும். வேண்டாம். குறைந்த, மாறாத எண்ணான 52,400-ஐயே உங்கள் வருமானமாகச் சொல்லி, நடு மாதத்தில் கூடியது ஊக்கத்தொகை என்று ஒரே வரியில் குறிப்பிடுங்கள். தன் எண்ணைத் தானே குறைத்துச் சொல்கிறவரின் மற்ற எண்களையும் நம்புவது எளிது.

சம்பளம் போடுவது உங்கள் நிறுவனமே இல்லாமல், அதற்காக வைத்திருக்கும் வேறொரு நிறுவனமாக இருந்தால் வங்கி ஸ்டேட்மென்ட்டில் வேறு பெயர் வரும். இதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். சம்பளத்தில் ஒரு பகுதியை ரொக்கமாக வாங்குபவர்கள் அந்தப் பகுதியை மறந்துவிடுவதே நல்லது, காட்ட முடியாத வருமானத்தைக் கடிதத்தில் எழுதினால் காட்ட முடிந்த வருமானத்தின் மீதும் சந்தேகம் விழும். சம்பளம் சமீபத்தில்தான் உயர்ந்தது, புதிய தொகை ஒரு மாதம்தான் வந்திருக்கிறது என்றால், மூன்று மாதம் ஆகும்வரை பொறுத்திருங்கள். அவசரம் என்றால் புதிய சம்பளத்தையும் அது தொடங்கிய தேதியையும் குறிப்பிட்டு அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்கி இணைக்கலாம், ஆனால் அதற்கு மூன்று சீட்டுகளின் பலம் இல்லை.

சொந்தத் தொழில் செய்பவர்களிடம் சம்பளச் சீட்டு இருக்காது. பொதுவாக இரண்டு ஆண்டு வருமான வரிக் கணக்கையும், தொழில் கணக்கின் வங்கி ஸ்டேட்மென்ட்டையும் கேட்பார்கள். இங்கே அடிக்கடி நடக்கும் குளறுபடி, மொத்த வரவை வருமானம் என்று எழுதிவிடுவது. கணக்கில் மாதம் மூன்று லட்சம் புரண்டாலும், செலவு போக வரிக் கணக்கில் லாபமாகக் காட்டியது என்னவோ அதுதான் வருமானம். வரி குறைய வேண்டும் என்று லாபத்தைக் குறைத்துக் காட்டியவர்களுக்கு, லிமிட் கேட்கும்போது அதன் மறுபக்கம் தெரியும்.

ஆவணக் கோப்புகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வங்கியிலிருந்து இறக்கிய பிடிஎஃப் எப்படி வந்ததோ அப்படியே அனுப்புங்கள். அதில் சில வரவு செலவுகள் மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று கறுப்பு அடிப்பது, தேவையில்லாத பக்கங்களை நீக்குவது, திரையைப் படம்பிடித்து ஒட்டுவது எல்லாமே கோப்பைத் திருத்தியது போன்ற தோற்றத்தைத் தரும். பக்கம் 1 முதல் 6 வரை உள்ள ஸ்டேட்மென்ட்டில் 4-ஆம் பக்கம் காணவில்லை என்றால் அதில்தான் ஏதோ இருக்கிறது என்று யாருக்கும் தோன்றும். கோப்புக்குப் பாஸ்வேர்டு இருந்தால் அதைக் கோப்போடு ஒரே மின்னஞ்சலில் எழுதாமல் தனியாகத் தெரிவியுங்கள்.

கடிதம்

கீழே உள்ளது நம் உதாரணக்காரர் எழுதும் கடிதம். அடைப்புக்குறிக்குள் இருப்பதை உங்கள் விவரங்களால் நிரப்பிக்கொள்ளுங்கள். உங்கள் நிறுவனம் வேறு மொழியில் கடிதப் போக்குவரத்து செய்தால், அந்த மொழியில் எழுதினாலும் வரிசையை இப்படியே வைத்துக்கொள்ளலாம்.

> (தேதி)
>
> அனுப்புநர்:
> (பெயர், கார்டு கணக்கில் உள்ளபடியே)
> (முகவரி, கார்டு ஸ்டேட்மென்ட்டில் உள்ளபடியே)
> (பதிவு செய்த கைபேசி எண்)
>
> பெறுநர்:
> கிரெடிட் கார்டு சேவைப் பிரிவு
> (நிறுவனத்தின் பெயர், ஸ்டேட்மென்ட்டில் அச்சிட்ட முகவரி)
>
> பொருள்: (கடைசி நான்கு இலக்கம்) என முடியும் கிரெடிட் கார்டு. வருமான விவரத்தைப் புதுப்பித்து, லிமிட்டை 45,000-இலிருந்து 80,000-ஆக உயர்த்தக் கோருதல்.
>
> ஐயா / அம்மையீர்,
>
> மேற்கண்ட கார்டை மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். கார்டு பெற்றபோது பிடித்தம் போக என் மாதச் சம்பளம் 30,000. தற்போது என் மொத்த மாதச் சம்பளம் 62,000, பிடித்தம் போக வங்கிக் கணக்கில் வரவாவது 52,400. இந்தச் சம்பளம் (மாதம், ஆண்டு) முதல் நடைமுறையில் உள்ளது. என் வருமான விவரத்தை இதன்படி புதுப்பிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.
>
> கடந்த மூன்று மாதங்களில் என் கார்டு பில் 26,800, 29,500, 27,900 ஆக இருந்தது. மூன்றையும் கெடு தேதிக்குள் முழுமையாகச் செலுத்தியுள்ளேன். வழக்கமான மாதச் செலவே இப்போதைய லிமிட்டில் பாதிக்கு மேல் ஆகிவிடுவதால், பொருள் வாங்குவதற்கான லிமிட்டை நிரந்தரமாக 80,000-ஆக உயர்த்தித் தர வேண்டுகிறேன். ரொக்கம் எடுக்கும் லிமிட்டை உயர்த்தத் தேவையில்லை.
>
> எனக்குள்ள மற்றொரு கடன் வாகனக் கடன் மட்டுமே, மாதத் தவணை 6,500. அதையும் தவறாமல் செலுத்தி வருகிறேன்.
>
> இணைப்புகள்:
> 1. (மூன்று மாதங்களின் பெயர்) சம்பளச் சீட்டுகள். இரண்டாம் மாதத்தில் நிகரத் தொகை 58,900 ஆக இருப்பது அம்மாதம் வந்த ஊக்கத்தொகை 8,000 சேர்ந்ததால்.
> 2. சம்பளம் வரவாகும் கணக்கின் அதே மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட், எல்லாப் பக்கங்களும்.
> 3. கடைசி ஆண்டு வருமான வரிக் கணக்கின் நகல்.
>
> கோரிய முழுத் தொகையை வழங்க இயலாவிட்டால், வழங்கக்கூடிய தொகையை எனக்குத் தெரிவித்து, என் ஒப்புதலைப் பெற்றபின் மாற்றவும். கோரிக்கை ஏற்கப்படாவிட்டால் அதற்கான காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.
>
> இப்படிக்கு,
> (கையொப்பம்)
> (பெயர்)

இதில் சில வரிகளுக்கு விளக்கம் தேவை.

பொருள் வரியிலேயே இரண்டு தொகையும் வந்துவிடுகின்றன. கடிதங்களைப் பிரித்து உரிய பிரிவுக்கு அனுப்புபவர் பொருள் வரியைத் தாண்டிப் படிப்பார் என்று நம்ப முடியாது. கார்டு எண்ணில் கடைசி நான்கு இலக்கம் போதும். முழு எண், சிவிவி, பின், ஓடிபி எதுவும் எந்தக் கடிதத்திலும் வரக் கூடாது.

"பொருள் வாங்குவதற்கான லிமிட்", "ரொக்கம் எடுக்கும் லிமிட்" என்று பிரித்து எழுதியிருப்பதைக் கவனியுங்கள். பல கார்டுகளில் மொத்த லிமிட்டில் ஒரு பங்கு ரொக்கத்துக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும், மொத்தம் உயர்ந்தால் அதுவும் கூடவே உயரும். கார்டில் ரொக்கம் எடுத்தால் பொதுவாக எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும், தனிக் கட்டணமும் உண்டு. அது உங்களுக்கு வேண்டாம் என்று சொல்வது உங்களுக்கும் பாதுகாப்பு, படிப்பவருக்கும் நல்ல அடையாளம்.

"நிரந்தரமாக" என்ற சொல்லும் காரணத்தோடுதான் இருக்கிறது. ஒரு பெரிய செலவுக்காகச் சில வாரங்களுக்கு மட்டும் உயர்த்தித் தரும் தற்காலிக உயர்வும் சில நிறுவனங்களில் உண்டு. எதைக் கேட்கிறீர்கள் என்று சொல்லாவிட்டால், அவர்களுக்கு எளிதானது கிடைக்கும்.

வண்டிக் கடனை ஏன் தானாக முன்வந்து சொல்ல வேண்டும்? அது கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏற்கெனவே இருக்கிறது. மறைத்து ஒரு பயனும் இல்லை, சொன்னால் மற்ற விவரங்களும் முழுமையாக இருக்கும் என்ற எண்ணம் வருகிறது.

கடிதத்தில் இல்லாத ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பணக் கஷ்டம் எங்கும் பேசப்படவில்லை. "இந்த மாதம் சமாளிக்க முடியவில்லை", "மருத்துவச் செலவு வந்துவிட்டது", "வேறொரு கார்டின் பாக்கியைக் கட்ட வேண்டும்" என்றெல்லாம் மனம் திறந்து எழுதுபவர்கள் உண்டு. மனிதர் மனிதருக்கு எழுதுகிறோம் என்ற நினைப்பில் எழுதுகிறார்கள். படிப்பவர் இரக்கப்படலாம், ஆனால் அவர் நிரப்பும் படிவத்தில் அது திருப்பிக் கட்டும் ஆபத்து என்ற கட்டத்தில்தான் போய் விழும். உயர்வு கிடைக்காததோடு, கணக்கை மறுபரிசீலனை செய்து இருக்கும் லிமிட்டையே குறைக்கவும் அது வழிவிடலாம். உண்மையிலேயே கட்ட முடியாத நிலை என்றால் கேட்க வேண்டியது லிமிட் உயர்வு இல்லை, தவணையாகப் பிரித்துக் கட்டும் ஏற்பாடு. அது வேறு கடிதம், வேறு பிரிவு.

எப்படி அனுப்புவது

ஆப்பிலோ இணையதளத்திலோ ஆவணம் பதிவேற்றும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அதுதான் பாதுகாப்பு, யார் அனுப்பியது என்ற கேள்வியும் எழாது. மின்னஞ்சல் என்றால் நிறுவனத்திடம் பதிவு செய்த முகவரியிலிருந்தே அனுப்ப வேண்டும், அலுவலக மின்னஞ்சலிலிருந்து அனுப்பியதற்காகவே திருப்பி அனுப்பப்பட்ட கோரிக்கைகள் உண்டு. தபால் என்றால் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் தபால், நகல்கள் மட்டும். மூல ஆவணங்களை அனுப்பாதீர்கள்.

முகவரியையும் தொலைபேசி எண்ணையும் கார்டின் பின்பக்கத்திலிருந்தோ ஸ்டேட்மென்ட்டிலிருந்தோ எடுங்கள். இணையத்தில் தேடிக் கிடைக்கும் "கஸ்டமர் கேர்" எண்களில் போலிகள் கலந்திருக்கின்றன. லிமிட் உயர்த்தித் தருகிறோம் என்று அழைத்து ஓடிபி கேட்பது மோசடிக்காரர்களின் பழைய வழி. கடிதம் அனுப்பிய அதே வாரத்தில் தற்செயலாக அப்படி ஓர் அழைப்பு வந்தால் நம்பிவிட வாய்ப்பு அதிகம். நிறுவனத்திலிருந்து உண்மையாகவே விவரம் கேட்டு அழைத்தாலும், போனை வைத்துவிட்டுக் கார்டில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்துப் பேசுங்கள்.

அனுப்பியதும் ஒரு கோரிக்கை எண் கிடைக்கும். வரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை அழைக்கும்போது முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும்.

பதில் வந்த பிறகு

ஒப்புக்கொண்டால் அடுத்த ஸ்டேட்மென்ட்டில் மூன்று இடங்களைப் பாருங்கள். மொத்த லிமிட், ரொக்க லிமிட், புதிதாக ஏதாவது கட்டணம். லிமிட்டோடு சேர்த்துக் கார்டையே ஆண்டுக் கட்டணம் அதிகமுள்ள வேறு வகைக்கு மாற்றிவிடுவதும் நடக்கும். நீங்கள் ஒப்புக்கொள்ளாத மாற்றமாக இருந்தால் உடனே எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். கடிதத்தின் கடைசிப் பத்தியில் "என் ஒப்புதலைப் பெற்றபின்" என்று எழுதியது இங்கே கை கொடுக்கும்.

80,000 கேட்டு 60,000 தருகிறோம் என்றால் என்ன செய்வது? நம் உதாரணக்காரருக்கு 28,000 செலவு 60,000-இல் 47 சதவீதம் ஆகிறது, முன்பிருந்த 62-ஐவிடப் பரவாயில்லை. ஏற்றுக்கொள்ளலாம். ஏற்றுக்கொண்டால் அடுத்த உயர்வு கேட்க எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்குள் மீண்டும் கேட்க முடியாது என்று வைத்திருக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன.

மறுத்தால், காரணத்தைப் பொறுத்து அடுத்த வேலை மாறும். "வருமானத்தைச் சரிபார்க்க முடியவில்லை" என்றால் அது பெரும்பாலும் ஆவணச் சிக்கல், மேலே சொன்ன ஒப்பீட்டை மறுபடி செய்து, விட்டுப்போன பக்கத்தையோ விளக்கத்தையோ சேர்த்து அதே கோரிக்கை எண்ணில் திரும்ப அனுப்பலாம். "கடன் சுமை அதிகம்" என்றால் எந்தக் கடிதமும் உதவாது, ஏதாவது ஒரு கடன் முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். "கிரெடிட் ரிப்போர்ட் அடிப்படையில்" என்று வந்தால் உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். எப்போதோ கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கியாகவே இருப்பது, உங்களுக்குச் சம்பந்தமில்லாத கணக்கு உங்கள் பெயரில் இருப்பது போன்ற பிழைகள் அதில் வரக் கூடும். அப்படி இருந்தால் கிரெடிட் பீரோவுக்கும் அந்தப் பழைய கடன் நிறுவனத்துக்கும் திருத்தம் கேட்டு எழுதி, அது சரியான பிறகு புதிய தேதியிட்டுக் கடிதத்தை மறுபடி அனுப்புங்கள். அதற்குள் சம்பளச் சீட்டுகளும் பழசாகியிருக்கும், புதிய மூன்று மாதத்துக்கானவற்றை இணைக்க வேண்டும்.

காரணமே சொல்லாமல் "உள் கொள்கையின்படி" என்று மட்டும் ஒரு வரி வருவதும் உண்டு. பல நாடுகளில் மறுப்புக்குக் காரணம் கேட்கும் உரிமை வாடிக்கையாளருக்கு இருக்கிறது, அந்த உரிமையைக் குறிப்பிட்டு ஒருமுறை எழுதுங்கள். அதற்கும் அதே வரிதான் பதில் என்றால், நிறுவனத்தின் குறை தீர்க்கும் பிரிவுக்குக் கோரிக்கை எண்ணோடு அதை அனுப்பலாம். அந்தக் கோபத்தில் ஒரே வாரத்தில் நான்கு வேறு நிறுவனங்களில் புதுக் கார்டு கேட்டு விண்ணப்பிப்பதை மட்டும் தள்ளிப் போடுங்கள். நான்கு ஹார்டு என்கொயரிகள் அடுத்தடுத்துப் பதிவானால், அடுத்து உங்கள் ரிப்போர்ட்டைத் திறப்பவர் முதலில் பார்ப்பது அவற்றைத்தான்.